நெடுஞ்சாலையில் வெளியேறும் வழியைத் தவறவிட்டால்

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகும்போது இரண்டாவது பாலத்துக்கான பத்து காவான் வழியைத் தவறவிட்டால், ஓரமாக நிறுத்திப் பின்னால் எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது; அதற்குத் தேவையும் இல்லை. வேகத்தைக் குறைக்காமல் வடக்கே தொடர்ந்து சென்றால், பிறையில் முதல் பாலத்துக்கான வழி வரும். அங்கே இடத் தடத்துக்கு முன்கூட்டியே மாறிவிடுங்கள்.

மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 30 மீட்டர் கடந்துவிடும். முன்னால் தெரியும் கார் தன்னைப் போலவே முன்னோக்கி ஓடுகிறது என்றே அதன் ஓட்டுநர் நினைப்பார்; அது பின்னால் வருகிறது என்பதை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள் இடைவெளியில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

அவசரத் தடத்தில் சும்மா நிற்பதும் பாதுகாப்பல்ல. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீண்டும் கிளம்பும்போதும் சிக்கல்தான்: சாதாரணக் கார் நின்ற நிலையிலிருந்து சாலையின் வேகத்தை எட்டப் பத்து நொடிக்கு மேலாகும், அதற்குள் பின்னால் வரும் லாரியோ பேருந்தோ இருநூறு மீட்டருக்கு மேல் ஓடிவந்துவிடும். வழிகாட்டிச் செயலி புதிய பாதையைத் தானே காட்டும். அதைப் பார்க்க நிறுத்த வேண்டுமானால் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்துங்கள்.