வேன் ஏழு மணிக்குத்தான் கிளம்பியது

கேள்வி: பட்டர்வொர்த்தில் எங்கள் குடும்பம் கேட்டரிங் தொழில் செய்கிறது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தீவுப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு 300 பேருக்குச் சாப்பாடு. “ஏழு மணிக்குச் சாப்பாடு என்றீர்கள், எட்டு பத்துக்குத்தான் முதல் தட்டு எடுத்தார்கள்” என்று பெண்ணின் அப்பா கொதித்துவிட்டார். மீதி 1,800 ரிங்கிட்டைத் தர மறுக்கிறார். என் கணவர், ஒன்பது வருடமாக எங்களிடம் வேன் ஓட்டும் அண்ணனின் சம்பளத்தில் 300 ரிங்கிட் பிடித்துவிட்டார். பலகையில் எழுதியபடி ஏழு மணிக்குத்தான் கிளம்பினேன் என்கிறார் அவர். ஆர்டர் எல்லாம் என் கொழுந்தனார் தன் வாட்ஸ்அப்பில் எடுப்பார், படித்த பிள்ளை, நாங்கள் அதில் தலையிடுவதில்லை. நான் பகுதி நேரமாக டிப்ளோமா படிக்கிறேன். சேவைத் தர இடைவெளி மாதிரியை வைத்து ஒரு புகாரை ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். தாமதம் என்பதால் இது மூன்றாம் இடைவெளி என்று எழுதியிருக்கிறேன். சரிதானா? மீதிப் பணத்தை எப்படிக் கேட்பது?
— பட்டர்வொர்த் வாசகி

பதில்: தப்பு. பாடத்திலும் தப்பு, வீட்டிலும் தப்பு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, “பலகையில் எழுதியபடி ஏழு மணிக்குத்தான் கிளம்பினேன்” என்று, அதை நீங்களே படித்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் இடைவெளி என்பது, நிறுவனம் தனக்கென்று வகுத்துக்கொண்ட தரத்துக்கும் நடைமுறையில் செய்து கொடுத்ததற்கும் நடுவில் விழுவது. உங்கள் சமையல் கூடத்தில் எழுத்தில் இருந்த ஒரே தரம் அந்தப் பலகை. அதில் ஏழு என்று இருந்தது, வேன் ஏழுக்குப் புறப்பட்டது. எழுதியதும் நடந்ததும் ஒன்றாக இருக்கும்போது மூன்றாம் இடைவெளி எங்கிருந்து வரும்? தாமதம் வெறும் அறிகுறி. அதை மட்டும் வைத்து எந்த இடைவெளி என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த மாதிரியின் முதல் நான்கு இடைவெளிகளில் எது விழுந்தாலும் சாப்பாடு தாமதமாகத்தான் வரும்.

பரசுராமன், சைத்தாமல், பெர்ரி மூவரும் 1985இல் இந்த மாதிரியை வெளியிட்டபோது ஆராய்ந்தது வங்கி, கடன் அட்டை, பங்குத் தரகு, பழுது பார்க்கும் சேவை ஆகியவற்றைத்தான். கல்யாணச் சமையலை அல்ல. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் அப்படியே பொருந்தும். வாடிக்கையாளர் எதிர்பார்த்ததை நிர்வாகம் சரியாகப் புரிந்துகொண்டதா? இல்லையென்றால் முதல் இடைவெளி. புரிந்ததை வேலைக்கான தரமாக மாற்றி எழுதியதா? இல்லையென்றால் இரண்டாவது. எழுதியபடி வேலை நடந்ததா? இல்லையென்றால் மூன்றாவது. வெளியே கொடுத்த வாக்கும் உள்ளே செய்த வேலையும் ஒத்துப்போனதா? இல்லையென்றால் நான்காவது. ஐந்தாவது என்பது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததாக உணர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம். பெண்ணின் அப்பாவுடைய கோபம் அதுதான். அது விளைவு. கட்டுரையில் அதைக் காரணமாக எழுதிவிடாதீர்கள், பல மாணவர்கள் அங்கேதான் மதிப்பெண்ணைத் தொலைக்கிறார்கள்.

இப்போது உங்கள் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஏழு மணிக்கு வேன் புறப்பட்டிருக்கிறது. பாலத்தைக் கடந்து மண்டபத்துக்கு வர முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். 300 பேருக்கான பாத்திரங்களை இறக்கி, உள்ளே ஏற்றி, புஃபே வரிசையை அடுக்கிச் சூடுபடுத்த இன்னொரு அரை மணி நேரம். கூட்டிப் பாருங்கள், எட்டு பத்து தானாக வரும். வழியில் யாரும் தேநீர் குடிக்க நிற்கவில்லை. யாரும் தூங்கவில்லை. உங்கள் பலகை சொன்னதை உங்கள் ஆட்கள் அப்படியே செய்து முடித்தார்கள். அந்த அண்ணனுக்குப் பதில் வேறு யார் ஓட்டியிருந்தாலும் முதல் தட்டு அதே நேரத்துக்குத்தான் எடுக்கப்பட்டிருக்கும்.

அப்படியானால் புகாரில் இருக்கும் ஏழு எங்கிருந்து வந்தது? உங்கள் கொழுந்தனார் கொடுத்த வாக்கிலிருந்து. அவர் மனத்தில் ஏழு என்பது பரிமாறும் நேரம், சமையல் கூடத்தில் ஏழு என்பது வேன் கிளம்பும் நேரம். இருவரும் ஒரே எண்ணைச் சொல்லி, இரண்டு வேறு காரியங்களைக் குறித்திருக்கிறார்கள். இது நான்காம் இடைவெளி. வாக்குக் கொடுக்கிறவரும் வேலை செய்கிறவரும் பேசிக்கொள்ளாததும், ஆர்டரைப் பிடிக்கும் ஆசையில் எதற்கும் தலையாட்டுவதும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள் என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள்: “நாங்கள் அதில் தலையிடுவதில்லை.”

ஆனாலும் என் பேச்சை நம்பி எழுதாதீர்கள், அந்த வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்லுங்கள். “ஏழு மணிக்குச் சாப்பாடு ரெடி” என்ற மாதிரி அவர் எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், நான்காவதுதான். வெறும் “7 மணி ஓகே” என்று மட்டும் இருந்தாலும் நான்காவதுதான், ஏனென்றால் இருபொருள் தரும் வாக்கும் வாக்குத்தான். எந்த நேரத்துக்கு விருந்தினர் சாப்பிடவேண்டும் என்று உங்கள் தரப்பில் யாருமே கேட்காமல், விழா ஏழுக்கு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு மற்றதை ஊகித்திருந்தால் முதல் இடைவெளிக்குப் போங்கள். பலகையில் ஏழுக்கு முந்தைய ஒரு நேரம் எழுதியிருந்து, ஒரே வேனை இரண்டு வீட்டுக்கு அனுப்பியதால் அது ஏழுக்குக் கிளம்பியிருந்தால் மட்டும் உங்கள் மூன்றாவதை நான் ஏற்பேன். அப்போதும் குற்றம் ஓட்டுநருடையது அல்ல, ஒரே ஆளை இரண்டு பக்கமும் இழுத்தவருடையது.

நான்காவதுக்கு அடியில் இரண்டாவதும் ஒளிந்திருக்கிறது. பழைய ஆர்டர்களையும் விசாரியுங்கள். பலகையில் எப்போதுமே வேன் கிளம்பும் நேரத்தைத்தான் எழுதுவீர்கள் என்றால், உங்கள் தரம் உங்கள் வசதிக்காக வகுக்கப்பட்டது, சாப்பிடுகிறவருக்காக அல்ல. வேன் எப்போது கிளம்பியது என்பது விருந்தினருக்கு எதற்கு? பக்கத்துத் தெருவுக்கு ஆர்டர் போகும்போது இந்தக் குறை தெரியாது, பாலத்தைத் தாண்டும்போதுதான் பல்லைக் காட்டும்.

ஆகவே பலகையில் முதல் கட்டம் பரிமாறும் நேரமாக இருக்கட்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏழுக்குச் சாப்பாடு என்றால் 6.45க்கு மூடி திறக்கத் தயாராக இருக்கவேண்டும். இறக்கி அடுக்க முப்பத்தைந்து நிமிடம், ஆக 6.10க்கு மண்டபத்தில் இருக்கவேண்டும். வெள்ளி மாலை வேலை விடும் நேரத்தில் பாலத்தை நம்பமுடியாது, ஐம்பத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். 5.15க்கு வேன் கிளம்பவேண்டும், ஏற்றும் வேலை ஐந்துக்கு முன்பே தொடங்கவேண்டும். புஃபே பாத்திரத்தின் அடித்தட்டில் ஊற்றக் கொதிநீரைக் கூடவே கொண்டுபோங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஜெல் டின்னைக் கொளுத்தினால் அது சூடேறுவதற்குள் பிரியாணி ஆறிவிடும். வேனை முன்கூட்டி அனுப்புகிறோம் என்று மதியமே சமைத்து வைத்துவிடவும் கூடாது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடவேண்டும், அதுவரை 60 டிகிரிக்குக் கீழே போகாமல் சூட்டில் வைத்திருக்கவேண்டும். எட்டரை வரை பந்தி நடக்கும் என்றால் நாலரைக்கு முன்னால் பெரட்டல் அடுப்பை விட்டு இறங்கக்கூடாது. இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று இடிக்கிற நாளில், சமையல் கூடம் “முடியாது, ஏழரைக்குத்தான்” என்று சொல்லவேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கொழுந்தனார் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதவேண்டும். இந்த ஒரு ஒழுங்கு இல்லாமல் பலகையை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

இனி வீட்டு விஷயம். வாக்குக் கொடுத்தது தம்பி, தண்டனை ஊழியருக்கு. உங்கள் கணவருக்கு உண்மை தெரியாது என்று நான் நினைக்கவில்லை. கூடப் பிறந்தவனைக் கேள்வி கேட்கச் சங்கடப்பட்டு, எதிர்த்துப் பேசமுடியாதவரின் சட்டைப் பையில் கை வைத்திருக்கிறார். ஒன்பது வருடம் உங்கள் உப்பைச் சுமந்தவர் அவர். அந்த 300 ரிங்கிட்டில் அவர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் செலவு இருக்கும். இது அநியாயம். சட்டப்படியும் தப்பு: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு எந்தெந்தக் காரணத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முன்பணம், தவறிக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம் போன்றவை அதில் உண்டு. வாடிக்கையாளர் கோபத்துக்கு அபராதம் போடலாம் என்று அதில் இல்லை. அவர் தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருந்தால் உங்களுக்குத் தலைகுனிவு. போகவில்லை என்றால் அது அவருடைய பெருந்தன்மை. இந்த வாரமே பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதையும் உங்கள் கணவர் தன் கையால் கொடுக்கட்டும்.

அந்த அபராதம் தொழிலுக்கும் கேடு. நான்காம் இடைவெளிக்கு மூன்றாம் இடைவெளியின் மருந்தைக் கொடுத்தால் நோய் அப்படியே இருக்கும். அடுத்த முறை அவர் பயந்து, அப்பளக் கூடையை விட்டுவிட்டு முன்கூட்டிக் கிளம்புவார். அப்போது உண்மையிலேயே மூன்றாவது ஒன்று புதிதாக உண்டாகும்.

அண்ணி என்பவள் நம் குடும்பங்களில் தாய் ஸ்தானத்தில் இருப்பவள். படித்த பிள்ளை என்று ஒதுங்கிப் போவது அந்த ஸ்தானத்துக்கு அழகல்ல. கொழுந்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த வாட்ஸ்அப்பையும் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அடுத்து வரும் மூன்று விசேஷங்களுக்கு அவர் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போகட்டும், பாத்திரம் இறக்கட்டும். தான் சொல்லும் “ஓகே”க்கு எத்தனை பேரின் முதுகு வலிக்கிறது என்று அப்போது தெரியும்.

மீதிப் பணத்தைப் போனில் கேட்காதீர்கள். உங்கள் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போகவேண்டும். பேசவேண்டியவர் தம்பி: “ஏழு என்று சொன்னது நான், சமையல் கூடத்தில் கேட்காமல் சொன்னேன்.” ஓட்டுநர், பாலம், நெரிசல் என்ற பேச்சே வரக்கூடாது. சம்பந்தி வீட்டார் முன்னால் எழுபது நிமிடம் தலைகுனிந்து நின்றவர் பெண்ணின் அப்பா. 1,800இல் எவ்வளவு தருவது நியாயம் என்பதை அவரே சொல்லட்டும், சொன்னதை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒன்றும் தரமாட்டேன் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கு கொழுந்தனாரின் பங்கில் கழியட்டும்.

கட்டுரையைத் திருத்தி எழுதும்போது, முக்கியக் காரணம் நான்காவது, அதற்கு இடம் கொடுத்தது இரண்டாவது, மூன்றாவது இல்லை என்பதற்குச் சான்று பலகை, என்ற வரிசையில் எழுதுங்கள். பலகையின் படத்தையும் வாட்ஸ்அப் பக்கத்தையும் இணையுங்கள். பெண் வீட்டாரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிட்டு.