மூன்று வார அளவீடுகளைக் கைவிட்டதை எழுதச் சொல்லுங்கள்

அன்புள்ள அம்மா,

நேற்று நீங்கள் மகளுடன் வந்து கொடுத்துச் சென்ற, அவளுடைய மேற்படிப்புச் சேர்க்கைக்கான பரிந்துரைக் கடிதத்தை மறுபடியும் படித்தேன். "மிகச் சிறந்த மாணவி, கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், ஆய்வுத் திறன் மிக்கவர்" என்று துறைத்தலைவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். பதற வேண்டாம், கடைசித் தேதிக்கு இன்னும் 6 வாரங்கள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கடிதத்தை அனுப்பக் கூடாது. பெயரை மாற்றினால் அவள் வகுப்பில் யாருக்கும் இது பொருந்தும்.

பதவியில் பெரியவர் எழுதினால்தான் எடுபடும் என்று அவளுடைய பெரியப்பா சொல்வதை நான் ஏற்கவில்லை. சேர்க்கைக் குழுவில் இருப்பவர்களும் பேராசிரியர்கள்தான். எழுதியவருக்கு இந்த மாணவியை எவ்வளவு காலமாக, எந்த வேலையின் மூலம் தெரியும் என்பதைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள். துறைத்தலைவர் அவளுக்கு ஒரே ஒரு பருவம் பாடம் நடத்தியவர். அவரால் மதிப்பெண்ணைத்தான் சொல்ல முடியும். அது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது.

அவளுடைய திட்டப்பணிக்கு ஓராண்டு வழிகாட்டிய உதவிப் பேராசிரியரைப் பற்றி வீட்டில் யாருமே பேசவில்லை. வயதில் இளையவர், பெயர் வெளியே தெரியாதவர். இருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் அவர்தான். நீங்கள் பெரியப்பாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்.

குளத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அவள் அளந்துகொண்டிருந்தாள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு குப்பிகள் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். காட்டவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டி, எந்தக் குப்பி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்த்திருக்கிறாள். தாமதமாகச் சோதித்த குப்பிகளில் எல்லாம் அளவு குறைந்திருந்தது. இருட்டுப் பைக்குள் மூடிக் கிடந்த நீரில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைச் சுவாசித்துக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அடுத்த முறையிலிருந்து மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் கரையிலேயே குப்பியில் சேர்த்து, அந்த நேரத்து ஆக்சிஜனை அங்கேயே பிடித்து நிறுத்தினாள். முதல் மூன்று வார அளவீடுகளை நம்ப முடியாது என்று அவளே பேராசிரியரிடம் போய்ச் சொல்லி, மறுபடியும் நீர் எடுத்திருக்கிறாள்.

"ஆய்வுத் திறன் மிக்கவர்" என்ற மூன்று சொல் இருந்த இடத்தில் இப்படி வரட்டும்: "இரட்டை மாதிரிகளின் முரண்பாட்டை நான் கவனிப்பதற்கு முன்பே அவர் கவனித்தார். காரணம் காத்திருப்பு நேரம் என்று தன் குறிப்பேட்டிலிருந்து காட்டினார். மூன்று வார உழைப்பைத் தானாகவே கைவிட்டு, மாதிரிகளைப் புதிதாகச் சேகரித்தார்." இதைப் படிப்பவர் 'நேர்மையானவர்' என்ற சொல்லைத் தேட மாட்டார். பேராசிரியர் தான் வழிகாட்டிய மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு அவள் எங்கே நிற்கிறாள் என்று ஒரு வரி வேண்டும். முதல் வரைவு அறிக்கை நீண்டு குழம்பியிருந்ததையும், திருத்தங்களுக்குப் பிறகு அது சீரானதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. குறையே சொல்லாத கடிதத்தின் புகழ்ச்சியை யாரும் நம்புவதில்லை.

கடிதத்தை அவளே எழுதிக் கையெழுத்து வாங்கக் கூடாது. பேராசிரியரே அப்படிக் கேட்டாலும் மறுத்துவிடட்டும். அவளுடைய நோக்கக் கட்டுரையும் இந்தக் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பக்கக் குறிப்பு மட்டும் கொடுக்கட்டும்: எந்த மாதம் எந்த வேலை, எங்கே சிக்கல், என்ன செய்தாள். கூடவே குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களின் நகல், அவர் திருத்திய வரைவு. பெரும்பாலும் பேராசிரியரே கடிதத்தை நேரடியாகப் பதிவேற்றுவார், அவள் கண்ணில் படாது. அதனால் இந்தக் குறிப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

கடிதம் எழுதித்தருவதாகப் பணம் கேட்கும் முகவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். போலி என்று தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகலாம். மேலாண்மைப் படிப்புக்கும் இதே கடிதத்தை அனுப்பலாமே என்று பெரியப்பா கேட்டதற்கும் என் பதில், வேண்டாம் என்பதுதான். குப்பிகளைப் பற்றிப் பேசியபோதுதான் உங்கள் மகள் நேற்று முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் நீரைப் படிக்கட்டும்.

இந்த வாரமே அவள் உதவிப் பேராசிரியரை நேரில் பார்த்து, "என் திட்டப்பணியை வைத்து வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா, ஐயா?" என்று கேட்கட்டும். அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்த இன்னொருவரை யோசிப்போம், அதற்கு நேரம் இருக்கிறது.