ஆண்டு முடிந்தபின் வரும் வழக்குச் சமரசம்: புரொவிஷனா, நோட்ஸா?

கணக்காளர் ஒருவர்: ஆண்டு முடிவு டிசம்பர் 31. பழுதான சரக்கு அனுப்பியதாக வாடிக்கையாளர் 90 லட்சம் கேட்டு அக்டோபரில் வழக்குப் போட்டார். பிப்ரவரியில் சமரசப் பேச்சு ஓடுகிறது, கையெழுத்தாகவில்லை. மார்ச் 20 அன்று போர்டு கணக்கை ஒப்புக்கொள்ளப் போகிறது. என்ன செய்வது?

சரக்கு எப்போது போனது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வழக்கே அக்டோபரில் வந்துவிட்டதால் சரக்கு போனது அதற்கும் முன்புதான். பழுது உண்மையென்றால் பொறுப்பு டிசம்பர் 31க்கு முன்பே பிறந்துவிட்டது. பிப்ரவரிப் பேச்சு அதற்குக் கிடைத்த சாட்சி, அவ்வளவுதான். சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐ.ஏ.எஸ். 37 இந்தச் சாட்சியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. பணம் போகும் வாய்ப்பு போகாத வாய்ப்பைவிட அதிகம், தொகையையும் நம்பகமாக மதிப்பிட முடிகிறது என்றால் டிசம்பர் கணக்கிலேயே புரொவிஷன், அதாவது அந்த இழப்புக்கான ஒதுக்கீடு, வரும். அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி என்று தனியாக ஒன்று கிடையாது. அந்த என்ட்ரி இந்த புரொவிஷன்தான். ஏற்கெனவே 15 லட்சம் வைத்திருந்து இப்போது 40 தெரிகிறது என்றால், வழக்கு இழப்புச் செலவில் 25 பற்று, புரொவிஷனில் 25 வரவு.

அதே கணக்காளர்: 40 என்று எப்படி முடிவு செய்வது? நாங்கள் 35 தருவதாக எழுதிக் கொடுத்தோம், அவர்கள் 50 கேட்கிறார்கள்.

35ஐ எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், அதற்குக் கீழே மதிப்பிட்டால் எந்த ஆடிட்டரும் ஏற்பது கடினம். மேலே எவ்வளவு என்பதைப் பேச்சு நகர்ந்த விதம் காட்டும். அவர்கள் 90இலிருந்து 50க்கு இறங்கிவிட்டு, நீங்கள் 20இலிருந்து 35க்கு ஏறியிருந்தால், அடுத்த சுற்று எங்கே நிற்கும் என்று வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு எல்லைக்குள் எல்லாத் தொகைக்கும் ஒரே வாய்ப்பு என்றால்தான் நடுப்புள்ளி. அதையே வழக்கமாகப் போட்டுவிடாதீர்கள்.

நான் பார்த்த ஒரு ஃபைலில் வக்கீலின் ஜனவரிக் கடிதம் "வெற்றி வாய்ப்பு நன்று" என்றது. பிப்ரவரி போர்டு மினிட்ஸில், பயண அனுமதிக்கும் வாகனம் வாங்குவதற்கும் நடுவே, "30 வரை போகலாம்" என்று ஒரு வரி. கடிதத்தை மட்டும் வைத்து, புரொவிஷன் போடாமல் கணக்கோடு வரும் விளக்கக் குறிப்பான நோட்ஸில் மட்டும் எழுதிவிட்டார்கள், கடைசி நேரத்தில் லாபமே மாறியது. கணக்கு ஒப்புதலாகும் நாளுக்குச் சற்று முன் புதிய கடிதம் கேளுங்கள், மினிட்ஸை முழுக்கப் படியுங்கள்.

பயிற்சி மாணவி: சமரசமே அடுத்த ஆண்டில்தானே நடக்கிறது? அது முடிந்த ஆண்டின் கணக்கை மாற்றாத நான்-அட்ஜஸ்டிங் ஈவென்ட், நோட்ஸ் போதும் என்று படித்தேன்.

வழக்குக்குக் காரணமான செயலே ஜனவரியில் நடந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. அப்போது புரொவிஷன் இல்லை, பெரிய தொகையென்றால் நோட்ஸில் சொல்லணும். சமரசத் தேதியை விட்டுவிட்டுச் செயலின் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்மா. ஐ.ஏ.எஸ். 10, ஆண்டு முடிந்தபின் தீரும் வழக்கைத்தான் அட்ஜஸ்டிங் வகைக்கு முதல் உதாரணமாகவே தருகிறது.

தொழில் நடத்துபவர்: எங்கள் கதை வேறு. வழக்குப் போட்டதே நாங்கள். ஜனவரியில் எதிர்த்தரப்பு 60 லட்சம் தர ஒப்புக்கொண்டது. டிசம்பர் வருமானத்தில் சேர்க்கலாம்தானே?

இங்கே அளவுகோல் வேறு, ஐயா. வர வேண்டிய பணம் ஏறக்குறைய நிச்சயமாக இருந்தால்தான் சொத்தாகக் காட்ட முடியும். டிசம்பர் 31 அன்று எதிர்த்தரப்பு மறுத்துக்கொண்டிருந்தது என்றால் அந்த நிச்சயம் ஜனவரியில்தான் வந்தது. வருமானமும் அந்த ஆண்டுக்குரியது. டிசம்பர் கணக்கில் நோட்ஸில் குறிப்பிடுங்கள்.

நிதி மேலாளர்: தொகையைப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் படித்துவிடுவார். பேச்சு கெட்டுவிடும். புரொவிஷனைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட முடியாது. ஐ.ஏ.எஸ். 37 தரும் விலக்கு நோட்ஸுக்கு மட்டும், அதுவும் மிக அரிதான நிலையில், வழக்கில் உங்கள் நிலையைக் கடுமையாகப் பாதிக்கும் என்றால். அப்போதும் தகராறின் பொதுவான தன்மையையும், விவரம் தராததையும் அதன் காரணத்தையும் எழுதணும். என்ட்ரி அப்படியே இருக்கும். மற்ற புரொவிஷன்களோடு ஒரே தலைப்பில் சேர்ந்தால் உங்கள் எண் தனியாகத் தெரியாமல் போக வாய்ப்புண்டு. வகை ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கணக்காளர்: எங்கள் மேல் தப்பே இல்லை என்கிறார் எம்.டி. வக்கீல் செலவை மிச்சம் பண்ணத்தான் சமரசம் என்றால்?

இதில் எனக்கும் ஆடிட்டர்களுக்கும் பலமுறை வாக்குவாதம் வந்திருக்கிறது. டிசம்பரில் பொறுப்பே இல்லை, பிப்ரவரியில் நாங்களாக எடுத்த வணிக முடிவு என்பது ஒரு வாதம். தப்பில்லாத ஆள் 35 லட்சம் தருவாரா என்பது மறுபக்கம். தொகை வக்கீல் செலவை ஒட்டி இருந்தால் முதல் வாதம் கொஞ்சம் நிற்கும். உங்கள் 35 அதைத் தாண்டிவிட்டது என்றால் நான் புரொவிஷன் பக்கம்தான் நிற்பேன். வழக்கை முழுதாக நடத்த என்ன ஆகும் என்று வக்கீல் கொடுத்த மதிப்பீடு இருக்கிறதா? இருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள், பார்ப்போம்.