கடன் வாங்கிக் கடன் கொடுத்தவர்கள்

கேள்வி: 5 லட்சம் தனிநபர் கடன் வாங்கிப் பங்குகள் வாங்கினேன். 2024-25-இல் கட்டிய வட்டி 60,000 ரூபாய், வந்த டிவிடெண்ட் 15,000. "வருமான வரிக் கணக்கில் வட்டியை முழுசாகக் கழிக்கலாம்" என்று சொல்லித்தான் ஏஜென்ட் கடன் வாங்க வைத்தார்.

பதில்: ஏஜென்டுக்குக் கமிஷன் வந்திருக்கும், உங்களுக்கு 3,000 ரூபாய்தான் கழியும். 2020-21 முதல் டிவிடெண்டுக்கு எதிராக வட்டியை மட்டுமே கழிக்க முடிந்தது, அதுவும் வந்த டிவிடெண்டில் 20 சதவீதம் வரைதான். ஆக, 12,000 ரூபாய்க்கு வரி. மீதி 57,000 ரூபாய் வட்டியை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. டிவிடெண்டே வராவிட்டாலும் வட்டியைக் கழிக்கலாம் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் ராஜேந்திர பிரசாத் மூடி வழக்கில் சொன்னது. பங்கு விஷயத்தில் அந்தச் சலுகையை இந்த உச்சவரம்பு தின்றுவிட்டது. பழைய தீர்ப்பைக் காட்டிக் கடன் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 3 சதவீத டிவிடெண்டுக்கு ஆசைப்படுவதை எந்த வரிச் சலுகையும் லாபமாக்காது. நண்பர் பேச்சைக் கேட்டு நான் வாங்கிய பங்கு ஒன்று இன்னமும் டிமேட் கணக்கில் பாதி விலையில் கிடக்கிறது. நல்லவேளை, அது சொந்தக் காசு.

கேள்வி: வங்கியில் கடன் வாங்கித் தம்பிக்கு வட்டியில்லாமல் கொடுத்தேன். நான் வங்கிக்குக் கட்டும் வட்டியை என் டெபாசிட் வட்டியில் கழிக்கலாமா?

பதில்: முடியாது. அந்தக் கடனிலிருந்து டெபாசிட் போடவில்லையே.

கேள்வி: 11 சதவீதத்துக்கு 4 லட்சம் வாங்கி, 14 சதவீதத்துக்கு மச்சானிடம் கொடுத்தேன். எழுதி வாங்கியிருக்கிறேன். இந்த ஆண்டு அவர் ஒரு பைசா தரவில்லை, போனையும் எடுப்பதில்லை.

பதில்: உறவில் ஏமாறுவதுதான் ரொம்ப வலிக்கும். எழுதி வாங்கினீர்களே, அதுதான் இப்போது கைகொடுக்கும். கடன் கொடுத்ததன் நோக்கம் வருமானம் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. இங்கே 20 சதவீத வரம்பு கிடையாது. மச்சான் ஒழுங்காகத் தந்திருந்தால் 56,000 ரூபாயை 'இதர வருமானத்தில்' காட்டி, வங்கிக்குக் கட்டிய வட்டி 44,000 கழித்து, 12,000-க்கு வரி கட்டியிருப்பீர்கள். நீங்கள் கைக்கு வந்ததையும் கையிலிருந்து போனதையும் மட்டும் கணக்கு எழுதுபவரானால், வருமானம் சைபர், கட்டிய 44,000 நஷ்டம். அதே ஆண்டின் மற்ற வருமானத்தில் அதை ஈடுகட்டப் பார்க்கலாம். அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது. அசல் மூழ்கினால் அதற்கு வரியில் கழிவு இல்லை.

ஒன்று பாருங்கள்: வங்கி போட்ட 4 லட்சம் அப்படியே மச்சான் கணக்குக்குப் போனதா? இடையில் ஒரு லட்சத்துக்கு வீட்டுக்கு ஏதாவது வாங்கியிருந்தால், அந்தக் கால் பங்கு வட்டி, 11,000 ரூபாய், கழியாது. வங்கிக் கணக்குத் தாளில் கடன் வந்த பதிவும் மச்சானுக்குப் போன பதிவும் அடுத்தடுத்து இருந்தால் அதிகாரி அதிகம் கேட்க மாட்டார்.

கேள்வி: வங்கியில் கடன் வாங்கி மாமாவுக்கு 2 லட்சம் ரொக்கமாகக் கடன் கொடுத்தேன், பத்திரம் எதுவும் இல்லை. வட்டியைக் கழிக்கலாமா?

பதில்: எதைக் காட்டிக் கழிப்பீர்கள்? அதோடு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் மாமாவுக்கு. முதலில் அவரிடம் சொல்லுங்கள்.