பாரீஸில் காலை 7 மணி எப்போது? கிரான் குறித்த கேள்வி பதில்

லாஸ்பேட்டை வாசகர்: ஐயா, காலை 7 மணி அறிவிப்புக்காக, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரானில் `0 7 * * *` என்று எழுதினேன். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அது பகல் 12.30க்குப் போகிறது. என்ன பிழை?

வரியில் பிழையில்லை, உங்கள் சர்வர் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் ஓடுகிறது. `date` என்று தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், `30 1 * * *` என்று எழுத வேண்டும். இந்த வரிகள் இருக்கும் க்ரான்டாப் கோப்பின் தலையில் `TZ=Asia/Kolkata` என்று சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டெபியன் கிரானில் அது ஓடும் நிரலின் நேரத்தை மட்டுமே மாற்றும். நிரல் எப்போது தொடங்கும் என்பதை மாற்றாது.

மஞ்சக்குப்பம் வாசகர்: பாரீஸில் இருக்கும் உறவினர்களுக்கு `0 6 * * *` என்று தனி வரி சேர்த்தால் போதாதா?

குளிர்காலத்தில் போதும். மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அன்று முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை உங்கள் அறிவிப்பு 8 மணிக்குத்தான் சேரும். ஆகவே ஊருக்கொரு வரி வேண்டாம், கால்மணிக்கு ஒருமுறை ஓடும் ஒரே வரி போதும்:

```
*/15 * * * *
```

ஒவ்வொரு பயனருக்கும் `+01:00` என்று வித்தியாசத்தைச் சேமிக்காமல், `Europe/Paris` என்று நேர மண்டலப் பெயரைச் சேமியுங்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் அவருடைய உள்ளூர் நேரத்தைக் கணக்கிட்டு, 7 மணி கடந்திருந்து, கடைசியாக அனுப்பிய உள்ளூர்த் தேதி இன்றைய தேதியாக இல்லாவிட்டால் அனுப்புங்கள். 2026 மார்ச் 28 அன்று யு.டி.சி. 6 மணிக்குப் போனது, மறுநாள் தானாகவே 5 மணிக்குப் போகும். சரியாக 7.00 என்று மட்டும் ஒப்பிட்டால், சர்வர் அந்த ஒரு சுற்றைத் தவறவிட்டாலும் அன்றைய அறிவிப்பு போகாமலே நின்றுவிடும். அதற்காக எல்லையே இல்லாமலும் விடாதீர்கள். காலை வணக்கம் இரவு 9 மணிக்கு வரக்கூடாதல்லவா, 9 மணி வரை என்று காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கால்மணி இடைவெளி ஏன் என்றால், நமக்கு அரை மணியும் நேபாளத்துக்கு முக்கால் மணியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நெல்லித்தோப்பு வாசகி: என் தம்பி ரீயூனியனில் வேலை செய்கிறான். நாடு பிரான்சு என்று கொடுத்திருக்கிறான். 7 மணி அறிவிப்பு அவனுக்கு 9 மணிக்கும், சில மாதங்களில் 10 மணிக்கும் வருகிறதே?

நாட்டின் பெயரை வைத்து நேரத்தைத் தீர்மானித்த நிரல் அது. ரீயூனியன் பிரான்சைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதன் மண்டலம் `Indian/Reunion`; ஆண்டு முழுவதும் யு.டி.சி.யைவிட 4 மணி முன்னால் இருக்கும், கோடைக்கால மாற்றமே கிடையாது. பாரீஸ்தான் நகர்கிறது, அதனால்தான் உங்கள் தம்பிக்கு இரண்டு வேறு நேரங்கள். நிரலாளர் நாட்டைக் கேட்காமல், உலாவியிடமே மண்டலத்தைக் கேட்கலாம்:

```
Intl.DateTimeFormat().resolvedOptions().timeZone
```

குயவர்பாளையம் வாசகர்: கிரான் எனக்குத் தெரியாது. அம்மா மூன்று மாதம் பாரீஸ் போகிறார்கள்; மாத்திரை நினைவூட்டல் எந்த ஊர் நேரப்படி வர வேண்டும்?

இதை நிரலாளர் முடிவு செய்யக்கூடாது. சில மாத்திரைகளுக்குக் காலை உணவு கணக்கு, சிலவற்றுக்கு மணி இடைவெளி கணக்கு. எது என்று மருத்துவரைக் கேளுங்கள். நிரல் செய்யக்கூடியது, கைபேசியின் மண்டலம் மாறியதும் ஊர் நேரமா, புதிய நேரமா என்று அம்மாவையே கேட்டு, அந்தப் பதிலைத் தனியாகக் குறித்து வைப்பதுதான்.