பச்சிளம் குழந்தையைப் பார்க்கப் போகும்போது எடையைப் பற்றிப் பேசாதீர்கள்

கேள்வி: என் சித்தி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் பார்க்கப் போனேன். பிறந்தபோது 3 கிலோ 100 கிராம், அன்று காலை 2 கிலோ 860 கிராம் என்று அவள் கணவர் சொன்னார். "அடடா, மெலிந்துவிட்டதே, பால் போதவில்லையா?" என்று அக்கறையோடுதான் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று இரவே பவுடர் பால் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சித்தி பிறகு சொன்னார். அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன். என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது? – ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 240 கிராம் எங்கே போனது என்று பார்த்துவிடுவோம். பிறந்த எடையில் அது ஏறக்குறைய 8 சதவீதம். நிறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில நாட்களில் 7 சதவீதம் வரை, சில சமயம் 10 சதவீதம் வரைகூட எடை குறைவது வழக்கம். வயிற்றுக்குள் இருந்தபோது உடம்பில் சேர்ந்திருந்த நீர் சிறுநீராக வெளியேறுகிறது, கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும் முதல் மலமும் போய்விடுகிறது. உள்ளே போவதோ சில துளி சீம்பால். நான்காம் ஐந்தாம் நாளுக்குப் பிறகு எடை ஏறத் தொடங்கி, பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிடுகின்றன. 10 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர் உடனே கவனிப்பார். உங்கள் தங்கையின் குழந்தை அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது.

இனி அதே நாளைத் தாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். பிரசவமான இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் பால் பெருகி மார்பு கனக்கத் தொடங்கும். முதல் பிரசவமாக இருந்தாலோ சிசேரியனாக இருந்தாலோ அது கொஞ்சம் பிந்தலாம். கர்ப்ப காலத்தில் உயர்ந்திருந்த ஹார்மோன்கள் பிரசவத்துக்குப் பின் சரசரவென்று இறங்கியிருக்கும். தூக்கம் கிடையாது. மூன்றாம் நான்காம் நாட்களில் காரணமே இல்லாமல் அழுகை வருவது மிகப் பல தாய்மார்களுக்கு நடப்பதுதான். அந்த நேரத்தில் அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: என்னால் இந்தக் குழந்தைக்குப் போதிய பால் கொடுக்க முடிகிறதா? நீங்கள் கேட்டதும் அதையேதான். அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை வெளியிலிருந்து ஒருவர் உரக்கக் கேட்டதும், பயம் உறுதியாகிவிட்டது.

நான் பிரசவ வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். பார்வையாளர் நேரம் முடிந்து எல்லோரும் போன பிறகு அறை அறையாகப் போவேன். ஒரு நாள் மாலை, ஓர் இளம் தாய் குழந்தையை மடியில் கிடத்தியபடி தன் மார்பைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது. "பால் வருகிறதா என்று பார்க்கிறேன் சிஸ்டர், வந்தவர்கள் குழந்தை பசியில் அழுகிறது என்றார்கள்" என்றாள். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் குழந்தை நன்றாகக் குடித்துத் தூங்கியதை நானே பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. வந்து போனவர்களின் வார்த்தை என் வார்த்தையைவிட ஆழமாக இறங்கியிருந்தது.

இப்படி ஒரு சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் உங்கள் சித்தி சொல்லியிருக்கிறார். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். மருத்துவர் சொல்லாமல், பயத்தில் புட்டியைக் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து நீண்ட நேரம் தூங்கிவிடும், மார்பில் குடிக்கும் தடவைகள் குறையும், சுரப்பும் குறையும். பத்து நாள் கழித்து உண்மையாகவே பால் போதாது. அப்போது எல்லோரும் "அன்றைக்கே தெரிந்தது" என்பார்கள். மருத்துவக் காரணத்துக்காகக் கூடுதல் பால் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. ஆனால் அது எடை, சிறுநீர், பரிசோதனை இவற்றைப் பார்த்து முடிவு செய்யப்படுவது, பார்க்க வந்தவரின் முகத்தைப் பார்த்து அல்ல.

அதனால் குழந்தையின் எடை, நிறம், பால் இந்த மூன்றையும் வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். புகழ்வதற்காகக்கூட எடுக்க வேண்டாம். "நல்ல நிறம்" என்று ஒருவர் சொன்னால், சில மாதங்களில் நிறம் மாறும்போது தாய்க்கு அது குறையாகத் தெரியும். "தாய்ப்பால்தானே கொடுக்கிறாய்?" என்பதும் வேண்டாம். புட்டியில் கொடுப்பவளை அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள், சொல்ல விரும்பினால் அவளே சொல்வாள். அவள் பிரசவத்தில் பட்டதைச் சொல்லத் தொடங்கினால், "குழந்தை நன்றாக இருக்கிறதே, அது போதும்" என்று மட்டும் குறுக்கே சொல்லிவிடாதீர்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் எல்லோரும் அதைச் சொல்கிறோம். ஆனால் அதற்கு மேல் அவளால் பேச முடியாது. "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அவள் முழுவதையும் சொல்லி முடிப்பாள்.

சரி, என்னதான் பேசுவது? உள்ளே நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் தொட்டிலுக்குப் போகும். நீங்கள் முதலில் தாயைப் பாருங்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீ எப்படி இருக்கிறாய்? கொஞ்சமாவது தூங்க முடிகிறதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பச்சை உடம்புக்காரி, பதில் மெதுவாகத்தான் வரும். வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் அதனிடம் குனிந்து நாலு வார்த்தை பேசிவிட்டு அப்புறம் தொட்டில் பக்கம் போங்கள்.

குழந்தையைப் பார்த்ததும் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். மதிப்பீடு செய்யாமல், கண்ணில் படுவதைச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் அம்மாவின் முகத்துக்கும் இடையே இருக்கும் தூரம் அது. அவள் குரலை வயிற்றிலேயே கேட்டுப் பழகிய குழந்தை. ஆகவே, "நீ பேசினால் எப்படிக் கவனிக்கிறாள் பார்" என்று சொன்னால் அது முகஸ்துதி ஆகாது, உண்மை. உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். "என்ன பிடி பிடிக்கிறாள்!" என்று வியக்கலாம். தலை சற்று நீண்டிருந்தாலோ, தோல் உரிந்தாலோ, மூக்கில் வெள்ளைப் பொடிப்பொடியாக இருந்தாலோ அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். பெரும்பாலும் அவை தாமாகச் சரியாகிவிடும்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் வாழ்த்துச் சொல்லலாமா என்று பலர் தயங்குகிறார்கள். சொல்லுங்கள். பிள்ளை பிறந்திருக்கிறது அல்லவா? பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "எப்போது வீட்டுக்கு விடுவார்கள்?" என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதற்குப் பெற்றோரிடமே பதில் இருக்காது.

எல்லாவற்றையும் அடக்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லியே தீர வேண்டியவையும் உண்டு. முதல் வாரத்தில் லேசான மஞ்சள் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வரும். ஆனால் கண்ணின் வெண்மை நன்றாக மஞ்சளாகி, குழந்தை பாலுக்குக்கூட எழாமல் துவண்டு கிடந்தால் அது வேறு. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகவில்லை என்று பேச்சில் தெரியவந்தாலும், உடம்பு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றைக் கட்டிலருகே கூட்டத்தில் வைத்துச் சொல்லாமல், கணவரையோ தாயாரையோ சற்றுத் தள்ளி அழைத்து, "குழந்தை சோர்வாகத் தெரிகிறது, இப்போதே மருத்துவரிடம் காட்டிவிடலாம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன செய்யலாம் என்ற இரண்டு மட்டும் போதும். இதனால்தான் வந்தது என்ற ஆராய்ச்சி வேண்டாம். தாயின் அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆகிவிடும்படி செய்துகொள்வேனோ என்று அவள் சொன்னால் நாள் கணக்குப் பார்க்காதீர்கள். அவளைத் தனியே விடாமல் உடனே அழைத்துப் போக வேண்டும்.

இப்போது உங்கள் தங்கையிடம் வருவோம். மறுபடி போகும்போது, "பவுடர் பாலை நிறுத்திவிட்டாயா?" என்று கேட்டுவிடாதீர்கள். அது பழைய கேள்வியின் மறுபக்கம். நிறுத்துவதா, குறைப்பதா, எப்படி என்பதைக் குழந்தை மருத்துவரோ பாலூட்டும் ஆலோசகரோ குழந்தையின் எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவளாக அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும், அப்படி ஒருவரைப் பார்க்கலாம் என்றும், வேண்டுமானால் துணைக்கு வருவதாகவும் சொல்லுங்கள்.

போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அவளுக்கு இப்போதே ஒரு செய்தி அனுப்புங்கள்: "அன்றைக்கு எடையைப் பற்றி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. முதல் வாரத்தில் அந்த அளவு குறைவது வழக்கம் என்று எனக்குத் தெரியாமல் பேசிவிட்டேன். உன் மேல் ஒரு குறையும் இல்லை. வியாழக்கிழமை வரலாமா? எந்த நேரம் உனக்குச் சௌகரியமோ அப்போது வருகிறேன், இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுவேன். பதில் போட முடியாவிட்டால் பரவாயில்லை, சித்தியிடம் கேட்டுக்கொள்கிறேன்." நான் அக்கறையில்தான் கேட்டேன் என்ற வரியை அதில் சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்தால் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவள் தலையில் விழும்.

வியாழக்கிழமை உங்களுக்குச் சளியோ, உதட்டில் கொப்புளமோ இருந்தால் போக வேண்டாம், தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். போனால் கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள். குழந்தையை அவளாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது தலையை இப்படியும் அப்படியும் திருப்பி வாயைத் திறந்து தேடத் தொடங்கினால் பால் குடிக்கும் நேரம். "பசிக்கிறது போல" என்று சொல்லாமல் அவள் கையில் கொடுத்துவிட்டு, "நான் வெளியே சித்தியோடு இருக்கிறேன்" என்று எழுந்துகொள்ளுங்கள்.