பாராட்டியது சேலையையா, உடம்பையா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஓணத்துக்கு எல்லாரும் கசவுச் சேலை கட்டி வந்தாங்க. பில் போடுற பொண்ணுகிட்ட, "கல்யாணத்துக்கு அப்புறம் உடம்பு நல்லா பூசினாப்புல ஆயிட்டு, இந்தச் சேலை அதை எடுத்துக் காட்டுது"ன்னு சொன்னேன். அன்னையிலிருந்து முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க. பாராட்டினது தப்பா? – வாசகர், வடசேரி

பதில்: தப்புதான். கல்யாணத்துக்கு முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கவனித்து வைத்திருப்பதுதான் அவர் காதில் விழுந்திருக்கும். அதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? சிரித்தால் பிடித்திருக்கிறது என்று நினைப்பீர்கள், முறைத்தால் திமிர் என்பீர்கள். கவுண்டரை விட்டு எழுந்து போகவும் வழியில்லை. லீவு கேட்டு உங்களிடம்தான் வர வேண்டும். பக்கத்தில் பேக்கிங் பையன்கள் நின்றிருந்தால், நாளைக்கு அவர்களும் அதே பேச்சைப் பேசத் துணிவார்கள்.

அதே காலையில், "கசவுக்குப் பச்சை ஜாக்கெட் நல்ல பொருத்தம்மா" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். ஜாக்கெட்டின் நிறம் அவர் யோசித்து எடுத்தது, தலையில் வைத்த பிச்சிப்பூ அவர் கட்டியது. அவற்றைச் சொன்னால் அவருடைய ரசனையைச் சொன்னதாகும். சொன்ன பிறகு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதையும் தினமும் அவர் ஒருவரிடமே போய்ச் சொன்னால் தொந்தரவுதான்.

ஆண்களை மட்டும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில், "ஏன் மக்கா இப்படிக் கறுத்துட்ட, மெலிஞ்சுட்ட?" என்று சித்தியும் மாமியும் பந்திக்கு நடுவே கேட்பதும் உடம்பை அளப்பதுதான். அவளுக்குத் தைராய்டாக இருக்கலாம், போன மாதம் கரு கலைந்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அவள் எதைச் சொல்வாள்?

பாராட்டைக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனசாரச் சொன்ன பாராட்டுக்கு, "ஐயோ, இது பழைய சேலைக்கா" என்று மறுக்க வேண்டாம், "நன்றிக்கா" போதும். பிடிக்காத பேச்சுக்குச் சிரிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. "என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க சார்" என்று நேராகச் சொல்லலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயல் உள்ள பேச்சையும் துன்புறுத்தலாகவே பார்க்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. மன்னிப்பு கேட்கிறேன் என்று அவரைத் தனி அறைக்குக் கூப்பிடாதீர்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் கவுண்டரிலேயே, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, இனி சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "நல்ல எண்ணத்துலதான் சொன்னேன்" என்பதை அதோடு சேர்க்க வேண்டாம். பதிலுக்குக் காத்திருக்காமல் நகர்ந்துவிடுங்கள். அதன் பிறகும் அவர் பேசாவிட்டால், வேலை விஷயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தை அவருடைய லீவிலோ ஷிஃப்டிலோ காட்டினால், அது பழிவாங்கல்.